மீன் தராசு காட்டாத பலம்

போன எபிசோடுக்கு வந்த கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. "அண்ணா, எடை நல்லா தூக்குறேன், ஆனா மைதானத்துல வேகம் வரல. ஏன்?" இன்றைக்கு முழுக்க இந்த ஒரே கேள்விதான். பதிலை ஜிம்மில் ஆரம்பிக்காமல் எங்கள் ஊர்ப் பக்கத்தில், பழவேற்காடு ஏரிக்கரையில் ஆரம்பிக்கிறேன். எனக்கே இது புரிந்தது அங்கேதான்.

பழவேற்காட்டுக் குப்பங்களில் ஒன்றில் ஒரு தம்பி இருக்கிறான். பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்றேன். வயது இருபத்தொன்று. பன்னிரண்டு வயதிலிருந்து அப்பாவோடு ஏரிக்குப் போறவன். வலை இழுத்து இழுத்து முதுகும் தோளும் பாறை மாதிரி ஆகிவிட்டது. குப்பத்து கபடி அணியில் அவன்தான் ரெய்டர். நாலு பேர் மேலே விழுந்தாலும் இரண்டு பேரையாவது இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும்.

ஆனால் ஒரு சிக்கல். அவன் ரொம்ப சுலபமாக மாட்டுவான். கார்னரில் நிற்கிற ஒல்லிப் பையன் குனிந்து கணுக்காலைப் பிடிப்பான், இவன் கால் நகர்வதற்குள் பிடி விழுந்திருக்கும். இவனைவிட பலம் குறைந்த ரெய்டர்கள் அதே பிடியிலிருந்து காலை உருவிக்கொண்டு போயிடுவாங்க. மாவட்ட அளவில் ஒரு தேர்வுக்குப் போய்த் திரும்பி வந்தான். "பலம் இருக்கு, கால் லேட்டு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். என்கிட்ட வந்து, "இன்னும் பலம் ஏத்தணுமா அண்ணா?" என்று கேட்டான்.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவன் பலத்தை அளந்து பார்க்கலாம் என்று, மீன் ஏலம் போடும் இடத்தில் தொங்குகிற டிஜிட்டல் தராசை ஒரு நாள் வாங்கி வந்தோம். ஒரு முனையைத் தரையில் கட்டி, மறுமுனையில் ஒரு கம்பி மாட்டி, முட்டியைக் கொஞ்சம் மடக்கி நின்று மேல்நோக்கி இழுக்கச் சொன்னேன். தராசு 212 கிலோ காட்டியது. அணியில் வேறு யாரும் 180-ஐத் தாண்டவில்லை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. மீன் தராசில் எடை எப்படிப் பார்ப்போம்? கூடையை மாட்டுவோம், எண் ஓடும், அது அசையாமல் நிற்கிற வரை காத்திருப்போம், நின்ற எண்ணைத்தான் எழுதுவோம். அதாவது அந்தத் தராசு, விசை கடைசியில் எவ்வளவு ஆனது என்று மட்டும் சொல்லும். அந்த எண்ணுக்கு எவ்வளவு நேரத்தில் வந்து சேர்ந்தது என்று சொல்லாது. தம்பியின் சிக்கல் அது சொல்லாத பகுதியில்தான் இருந்தது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

தசைக்கு மூளையிலிருந்து உத்தரவு வந்த அடுத்த கணமே முழு விசையும் வந்துவிடாது. பூஜ்யத்திலிருந்து ஏறணும். ஒரு மனிதன் தன்னால் முடிந்த அதிகபட்ச விசையை எட்ட ஏறக்குறைய 0.3 நொடி ஆகும், பல நேரம் அதற்கு மேலும் ஆகும். 0.3 நொடி என்றால் கண் சிமிட்டும் நேரம்தானே என்று தோணும். ஆனால் விளையாட்டில் அது நீண்ட நேரம். முழு வேகத்தில் ஓடுகிற ஸ்ப்ரின்டரின் கால் தரையில் இருப்பது சுமார் 0.1 நொடிதான். நீளம் தாண்டுபவர் பலகையை மிதித்து எழும்புவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் அவரால் தன் உச்ச பலத்தைத் தொடவே முடியாது. தொடுவதற்குள் கால் தரையை விட்டுப் போயிருக்கும்.

அப்படியானால் அங்கே முக்கியம் எது? விசை எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது. இதை 'ரேட் ஆஃப் ஃபோர்ஸ் டெவலப்மென்ட்' என்பார்கள். நாம் 'விசை எழும் வேகம்' என்று வைத்துக்கொள்வோம். கணக்கு சுலபம்: எவ்வளவு விசை கூடியது, அதை எவ்வளவு நேரம் எடுத்தது என்பதால் வகுக்கணும்.

ஒரு உதாரணத்துக்கு இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளின் உச்ச பலம் 200 கிலோ, இரண்டாவது ஆளுக்கு 160. ஆரம்பித்து 0.1 நொடியில் முதல் ஆள் 50 கிலோ வரை வந்திருக்கிறார், இரண்டாவது ஆள் 80 வரை. அரை நொடியில் முதல் ஆள் 200-இல், இரண்டாவது ஆள் 160-இல். இப்போ சொல்லுங்க, இதில் யார் பலசாலி? அரை நொடி கிடைக்கிற வேலைக்கு முதல் ஆள். 0.1 நொடியில் முடிகிற வேலைக்கு இரண்டாவது ஆள். இரண்டு பதிலும் சரிதான், எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதுதான் முடிவு செய்யும்.

இதைக் கபடியில் பொருத்திப் பாருங்கள். கணுக்கால் பிடி விழுந்து விரல்கள் இறுகுவதற்குள் காலை உருவணும். அந்தக் கண நேரத்துக்குள் வேண்டியது எழும் வேகம். பிடி இறுகி, மற்றவர்களும் வந்து விழுந்த பிறகு, கோடு வரை இழுத்துப் போக மூன்று நான்கு நொடி கிடைக்கிறது. அங்கே வேண்டியது உச்ச பலம். ஒரே ரெய்டுக்குள் இரண்டும் இருக்கிறது. தம்பி இரண்டாவது பாதியில் ராஜா. முதல் பாதியில்தான் தோற்கிறான்.

ஏன் அவனுக்கு இப்படி? அவன் வேலையைப் பாருங்கள். வலை இழுப்பது என்பது கயிற்றைப் பிடித்து, உடம்பைச் சாய்த்து, ஒரே சீராக இழுத்துக்கொண்டே இருப்பது. படகைக் கோல் ஊன்றித் தள்ளுவதும் அதே மாதிரி, மெதுவான நீண்ட அழுத்தம். வெடுக்கென்று இழுத்தால் வலை கிழியும், படகு ஆடும். அதனால் அந்தத் தொழில் பத்து வருடமாக அவன் உடம்புக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறது: விசையை மெதுவாக ஏற்று, ஏற்றியதை விடாதே. உடம்பு அதைச் சரியாகக் கற்றுக்கொண்டது.

உள்ளே என்ன நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். மூன்று விஷயம். முதலாவது நரம்பு. தசை நார்களுக்கு நரம்பு வழியாகத் துடிப்புகள் போகும். இயக்கம் தொடங்கும் அந்த முதல் கணத்தில் துடிப்புகள் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்பதுதான் ஆரம்ப ஏற்றத்தைத் தீர்மானிக்கிறது. 1998-இல் வான் கட்செம் என்பவரும் குழுவினரும் ஐந்து பேருக்குப் பன்னிரண்டு வாரம் கணுக்காலில் வெடிப்பான அசைவுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சிக்குப் பிறகு தொடக்கத்தில் துடிப்புகள் இன்னும் வேகமாக வந்தன. அடுத்தடுத்து இரண்டாக ஜோடி சேர்ந்து வருகிற துடிப்புகள் முன்பு நூற்றுக்கு ஐந்து நரம்பலகுகளில்தான் இருந்தது, பிறகு முப்பதைத் தாண்டியது. இரண்டாவது, தசை நாரின் வகை. வேக நார் அதிகம் உள்ளவருக்கு ஏற்றம் இயல்பாகவே செங்குத்து. இது பெரும்பாலும் பிறப்பில் வருவது. மூன்றாவது, தசைநாண். தொங்கலாக இருக்கிற கயிற்றை இழுத்துப் பாருங்கள். முதலில் தொங்கல் தீரணும், அப்புறம்தான் மறுமுனை நகரும். தசைநாண் விறைப்பாக இருந்தால் தசையின் இழுப்பு எலும்புக்குச் சீக்கிரம் போய்ச் சேரும்.

இதில் ஒன்றைக் கவனிக்கணும். முதல் 0.05, 0.07 நொடியில் நரம்பின் பங்குதான் பெரியது. 0.15 நொடியைத் தாண்டிவிட்டால் உச்ச பலத்தின் பங்கு மேலே வந்துவிடும். அதனால்தான் "பலம் வேண்டாம், வேகம் மட்டும் போதும்" என்று சொல்வதும் தப்பு. உச்ச பலம் என்பது கூரையின் உயரம். கூரை தாழ்வாக இருந்தால் எவ்வளவு செங்குத்தாக ஏறினாலும் சீக்கிரமே தலை முட்டும்.

சரி, பலப் பயிற்சி செய்தாலே இதுவும் வந்துவிடாதா? புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு ஓரளவு வரும். டென்மார்க்கில் ஆகார்ட் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில் 14 வாரம் கனமான எடைப் பயிற்சியிலேயே எழும் வேகமும் கூடியது. ஆனால் ஏற்கெனவே பலம் உள்ளவர் கதை வேறு. 1985-இல் பின்லாந்தில் ஹாக்கினன், கோமி, ஆலென் மூவரும் எடைப் பயிற்சிப் பழக்கம் உள்ள ஆண்களை வைத்து 24 வாரம் பார்த்தார்கள். கனமான எடை தூக்கியவர்களுக்கு உச்ச விசை சுமார் 27 சதவீதம் கூடியது, எழும் வேகம் பெரிதாக ஏறவில்லை. குதிக்கும் பயிற்சி செய்தவர்களுக்கு உச்ச விசை 11 சதவீதம்தான் கூடியது, எழும் வேகமோ 24 சதவீதம் ஏறியது. எதைப் பழகுகிறோமோ அதுதான் வருகிறது. தம்பிக்கு இன்னும் பத்து கிலோ கூடுதலாக இழுக்கச் சொல்லிக்கொடுத்தால், இரண்டாம் பாதி இன்னும் நன்றாகும், முதல் பாதி அப்படியே இருக்கும்.

இப்போ பயிற்சிக்கு வருவோம். முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிடறேன். கரையில் மணல் கிடக்கிறதே, அடி படாது என்று, உலர்ந்த மணலில் குதிக்க வைத்தேன். மூன்று வாரம். நன்றாக வியர்த்தது, கால் வலித்தது, ஒரு மாற்றமும் இல்லை. காரணம் மணலே. உலர்ந்த மணல் காலுக்கடியில் சரிந்து விசையை விழுங்கிவிடும், கால் தரையில் இருக்கிற நேரம் நீளும். நாங்கள் மறுபடியும் மெதுவான தள்ளலைத்தான் பழகிக்கொண்டிருந்தோம். அதன் பிறகு அலை வந்து போகிற ஈர மணலுக்கும், ஏலக்கூடத்து சிமெண்ட் தரைக்கும் மாறினோம்.

வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு நாற்பது நிமிடம். முதலில், பாதி உட்கார்ந்த நிலையில் இரண்டு நொடி அசையாமல் நின்று, அங்கிருந்து குதிப்பது. மூன்று குதி, பிறகு இரண்டரை நிமிட ஓய்வு, இப்படி நான்கு முறை. கீழே போய் எகிறும் ஊக்கம் கிடைக்காது என்பதால், நின்ற இடத்திலிருந்தே விசை எழும்பணும். அடுத்து, தராசுக்குக் கட்டிய அதே கம்பியை, இம்முறை அசையாத சங்கிலியில் மாட்டி, ஒரே ஒரு நொடி இழுப்பது. ஐந்து இழுப்பு, மூன்று முறை. ஐந்தாவது வாரத்திலிருந்து, 30 சென்டிமீட்டர் உயரப் பெட்டியிலிருந்து இறங்கி, தரை சுட்ட மாதிரி உடனே எகிறுவது. ஐந்து ஐந்தாக மூன்று முறை, அதற்கு மேல் இல்லை. இது தவிர ஒரு நாள் கனமான ஸ்குவாட், நான்கு நான்காக நான்கு முறை, கூரை தாழாமல் பார்த்துக்கொள்ள.

சங்கிலி இழுப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சங்கிலி அசையாது, பிறகு வேகம் எப்படி வரும் என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. 1993-இல் கனடாவில் பேம், சேல் இருவரும் இதைத்தான் சோதித்தார்கள். ஒரே ஆளின் ஒரு கால் உண்மையிலேயே வேகமாக அசைந்தது. இன்னொரு கால் கட்டப்பட்டிருந்தது, ஆனால் அதே வேகத்தில் அசைக்க முயன்றது. 16 வாரத்துக்குப் பிறகு இரண்டு காலிலும் வேக முன்னேற்றம் ஒரே மாதிரி. அதாவது, உடம்பு நகர்ந்ததா என்பதைவிட, வேகமாக நகர்த்த நினைத்தோமா என்பதுதான் நரம்புக்குப் பாடம். அதனால் நான் சொல்கிற வார்த்தையையும் மாற்றினேன். "முழு பலத்தோட இழு" என்றால் ஆள் மெதுவாக ஏற்றி உச்சத்துக்குப் போவார். "டக்குனு இழு, உச்சத்தைப் பத்திக் கவலைப்படாதே" என்றால் ஏற்றம் செங்குத்தாகும். சோதனைக்கூடங்களிலும் இந்த வித்தியாசத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

எப்போது நிறுத்தணும் என்பதும் முக்கியம். எடைப் பயிற்சியில் கடைசி இரண்டு தடவை திணறித் தூக்குவதில் பலன் உண்டு. இதில் திணறினால் நஷ்டம். களைத்த நரம்பு மெதுவாகத்தான் சுடும், மெதுவாகச் சுட்டதையே பழகும். நாங்கள் காதை வைத்துக் கண்டுபிடித்தோம். நன்றாக இருக்கும்போது தரையில் கால் படும் சத்தம் 'டப்' என்று வெட்டினாற்போல் இருக்கும். களைத்தால் 'தொப்' என்று விழும். 'தொப்' கேட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், பெட்டியை எடுத்து வைத்துவிடு.

இந்த விஷயத்தில் ஏரித் தொழிலே எங்களுக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தது. பழவேற்காட்டில் பாடு முறை உண்டு. தெரியாதவர்களுக்காக: ஏரியில் நல்ல இடங்களில் யார் எப்போது வலை போடுவது என்பதைக் குப்பங்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கம். தன் பாடு எந்த நாள் என்று தம்பிக்கு முன்கூட்டியே தெரியும். பாடு நாளில் ராத்திரி முழுக்க இழுப்பு. அதனால் பாடு நாளும் மறுநாளும் குதிப்பு கிடையாது. அதற்கும் அடுத்த நாள்தான் பயிற்சி. இதைச் சரி செய்த பிறகுதான் முன்னேற்றம் ஆரம்பித்தது.

அளவு எப்படி எடுத்தோம்? விசைத்தட்டு நம்மிடம் இல்லை. போன் போதும். நொடிக்கு 240 படம் எடுக்கிற ஸ்லோமோஷனில், ஒரு படம் சுமார் 0.004 நொடி. பெட்டியிலிருந்து இறங்கி எகிறுவதைப் படம் பிடித்து, கால் தரையில் இருந்த படங்களையும் காற்றில் இருந்த படங்களையும் எண்ணினோம். ஐந்தாவது வாரம், பெட்டியில் ஏறிய முதல் நாள், தரையில் 72 படம், காற்றில் 115. அதாவது 0.30 நொடி தரையில், 0.48 நொடி காற்றில். காற்று நேரத்தைத் தரை நேரத்தால் வகுத்தால் 1.6. பன்னிரண்டாவது வாரம் தரையில் 53 படம், காற்றில் 120. வகுத்தால் கிட்டத்தட்ட 2.3. மீன் தராசில் மறுபடி இழுத்தான்: 214 கிலோ. இரண்டு கிலோதான் வித்தியாசம். தராசை மட்டும் நம்பியிருந்தால் மூன்று மாதம் வீண் என்று முடிவு செய்திருப்போம்.

இதில் எச்சரிக்கையும் உண்டு. இந்தப் படக் கணக்கு எழும் வேகத்தை நேராக அளப்பதில்லை. தசைநாணின் துள்ளலும் அதில் கலந்திருக்கிறது. நேராக அளக்க நொடிக்கு ஆயிரம் தடவை பதிவு செய்கிற கருவி வேணும். அப்போதும் விசை எந்தக் கணத்தில் ஆரம்பித்தது என்று குறிப்பதில் சின்னத் தப்பு நடந்தால் கணக்கே மாறிவிடும். அதனால் ஒரு நாள் எண்ணை நம்பாதீர்கள், மூன்று நாள் எண்ணைப் பாருங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே வலி வந்தால் பெட்டியை விட்டுவிடணும், சங்கிலி இழுப்பைத் தொடரலாம்.

தம்பி இப்போதும் மாட்டுகிறான். ஆனால் முதல் பிடியில் இல்லை. அடுத்த தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான், முடிவு வரும்போது சொல்றேன்.

முடிக்கிறதுக்கு முன் ஒன்று. இதையெல்லாம் கபடிக்காக மட்டும் சொல்லவில்லை. என் சித்தப்பா அறுபத்தி மூன்று வயதிலும் நிறைகூடையைத் தனியாகத் தூக்குவார். போன வருடம் படகு லேசாக ஆடியதில் தவறி விளிம்பில் விழுந்து, இடுப்பில் அடிபட்டு நான்கு மாதம் படுத்துவிட்டார். "கால்ல வலு இல்லாமலா விழுந்தேன்?" என்று இன்னமும் கேட்கிறார். வலு இருந்தது சித்தப்பா. சாயும் உடம்பைப் பிடித்து நிறுத்த, அடுத்த அடியை அரை நொடிக்குள் வைக்கணும். வயது ஏற ஏற உச்ச பலம் குறைவதைவிட வேகமாகக் குறைவது இந்தச் சீக்கிரம்தான். கூடை தூக்கும்போது அது தெரியாது, கூடைக்கு நேரம் இருக்கிறது. படகு ஆடும்போதுதான் தெரியும்.

அவருக்கு இப்போது நான் கொடுத்திருப்பது ஒரே ஒரு பயிற்சி. சுவர் ஓரமாக நாற்காலி. உட்காரும்போது மெதுவாக, எழுந்திருக்கும்போது டக்குனு. ஐந்து தடவை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி ஐந்து. கை சுவருக்கு எட்டணும். முட்டி நோகிறது என்றால் நாற்காலி மேல் ஒரு பலகை போட்டு உயரத்தைக் கூட்டுகிறோம், எழும் வேகத்தை மட்டும் குறைப்பதில்லை. "இது ஒரு பயிற்சியா, வெறுமனே எழுந்து உட்கார்றது?" என்று முதல் நாள் சிரித்தார். ஏழாவது தடவையில் சிரிப்பு நின்றுவிட்டது.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், இன்றைக்குச் சாயங்காலம் அவர் நாற்காலியிலிருந்து எப்படி எழுந்திருக்கிறார் என்று மட்டும் பாருங்கள். கையை ஊன்றி, ஒரு மூச்சு எடுத்து, ஆடி ஆடி எழுகிறாரா, இல்லை சட்டென்று எழுகிறாரா? அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அடுத்த எபிசோடில் அங்கிருந்து தொடரலாம்.